சொட்டு மருந்து போட்டுப் பார்க்கும் கண் பரிசோதனை: முந்தின நாள் போனில் கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

கண் மருத்துவமனை வரவேற்பு மேசையிலிருந்து முந்தின நாள் போகும் போன் பெரும்பாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "நாளைக்குப் பத்தரைக்கு வந்துருங்க, கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க." நோயாளி சரி என்கிறார். மறுநாள் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, தானே பைக்கை ஓட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார். மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சொன்னபடி ஆள் கூட வந்தாயிற்று, ஆனால் திரும்பிப் போகும்போது ஓட்ட ஆள் இல்லை. கேட்ட கேள்வி தவறாக இருந்ததால் வந்த குழப்பம் இது. போன் செய்பவர், மருந்து விடும் செவிலியர், வீட்டில் அப்பா அம்மாவுக்காக நேரம் வாங்கும் பிள்ளைகள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி.

மருந்து என்ன செய்கிறது

காரணம் தெரியாமல் எச்சரித்தால் அது சடங்காகிவிடும். அதனால் முதலில் இதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களின் விழித்திரையைப் பார்க்க நம் ஊரில் பரவலாகப் பயன்படுவது டிராபிகமைடு சொட்டு மருந்து. பல இடங்களில் அதோடு ஃபினைலெஃப்ரின் சேர்ந்த கலவையை விடுகிறார்கள். டிராபிகமைடு இரண்டு வேலை செய்கிறது. கண்ணின் நடுவில் வெளிச்சம் நுழையும் துளையான பாப்பாவைச் சுருக்கும் தசையைத் தளர்த்துகிறது. கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க லென்ஸைக் குவிக்கும் தசையையும் தளர்த்துகிறது. ஆகவே மருந்து விட்டபின் நோயாளிக்கு வெளிச்சம் கூசுகிறது, கிட்டத்தில் உள்ளது மங்குகிறது.

கூச்சம் எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். சாதாரண வெளிச்சத்தில் பாப்பா 3 மில்லிமீட்டர் அகலம் இருப்பதாகவும், மருந்து விட்டபின் 7 மில்லிமீட்டர் ஆனதாகவும் வைத்துக்கொள்வோம். அகலம் இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டினாலும், வெளிச்சம் நுழையும் பரப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதோடு, வெயிலில் போனவுடன் பாப்பா தானாகச் சுருங்கும் பாதுகாப்பும் அப்போது இல்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு எதிரே வரும் பஸ்ஸின் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்தால், அந்த நொடியில் குறுக்கே வரும் சைக்கிள் கண்ணில் படாமல் போகலாம்.

நோயாளி ஏமாறும் இடமும் இதுதான். காத்திருக்கும் கூடத்தில் விளக்கு மங்கல். தூரத்துப் பலகை ஓரளவு தெளிவாகவே தெரியும். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுப்பார். அவர் பொய் சொல்லவில்லை. கூடத்தில் பார்வை நன்றாக இருப்பது ரோட்டுக்குச் சான்று ஆகாது என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இரவானால் வெயில் இல்லையே என்று நினைப்பதும் தப்பு. எதிர்வண்டியின் ஹெட்லைட் விரிந்த பாப்பாவுக்குள் அப்படியே பாய்ந்து, சுற்றிலும் ஒளிவட்டம் பரவி, ரோட்டின் ஓரத்தை மறைத்துவிடும்.

கிட்டப் பார்வை மங்குவதில் வயது விளையாடுகிறது. நாற்பத்தைந்தைத் தாண்டிப் படிக்கும் கண்ணாடி போட்டவருக்கு, குவிக்கும் சக்தி ஏற்கெனவே குறைந்திருப்பதால், இழப்பு அதிகம் தெரியாது. முப்பது வயதுக்காரர்தான் திடுக்கிட்டுப் போவார். கையில் உள்ள போனில் டாக்ஸிக்கு வந்த ஓடிபியை அவரால் படிக்க முடியாது. பணம் கட்ட ரகசிய எண்ணைத் தட்டும்போது தடுமாறுவார். தூரத்தைப் பார்க்கவே பிளஸ் பவர் தேவைப்படுகிறவர் கண்ணாடி இல்லாமல் வந்திருந்தால், அவருக்குத் தூரப் பார்வையும் மங்கும்.

மருந்து வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும். நம்மைப் போலக் கருவிழி அடர்நிறமாக உள்ளவர்களுக்கு மெதுவாகத்தான் விரியும். நெடுநாள் சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் மெதுவாக, குறைவாக விரியும். அதனால் இரண்டு மூன்று முறை விட வேண்டிவரும். பழைய நிலைக்குத் திரும்பப் பெரும்பாலும் 4 முதல் 8 மணி நேரம் ஆகும். சிலருக்கு மறுநாள் காலை வரை போகும். "ரெண்டு மணி நேரத்துல சரியாயிடும்" என்று போனில் சொல்லிவிடுவது கனிவாகத் தோன்றும். ஆனால் அந்தச் சொல்லை நம்பித்தான் ஆட்கள் வண்டி எடுக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு விடும் மருந்து வேறு. சைக்ளோபென்டோலேட் என்றால் விளைவு ஒரு நாள் வரை நிற்கும். அட்ரோபின் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். பிள்ளை வண்டி ஓட்டப்போவதில்லை என்றாலும் பள்ளிக்கூடத்தில் புத்தகம் படிக்கச் சிரமப்படும். பரீட்சை வாரத்தில் நேரம் கொடுக்கும் முன் அம்மாவிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

போன் எப்போது, யாரிடம்

நேரம் பதியும்போதே ஒருமுறை சொல்ல வேண்டும். முந்தின நாள் மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் மறுபடி கூப்பிட வேண்டும். காலையில் கூப்பிட்டால் மறந்துபோகும். இரவு ஒன்பதுக்கு மேல் என்றால், ஓட்ட ஆள் தேட அவகாசம் இருக்காது. வேலைக்குப் போகும் மகனோ மருமகனோ வீடு திரும்பி, "நாளைக்கு நான் வர்றேன்" என்றோ "முடியாது" என்றோ சொல்லக்கூடிய நேரம் அந்த மாலைதான்.

போனை வேறொருவர் எடுத்தால் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. மருத்துவமனையின் பெயரைச் சொல்லி, நோயாளியோடு நேரடியாகப் பேச வேண்டும், எப்போது கூப்பிடலாம் என்று கேட்டால் போதும். தன் சர்க்கரை நோய் வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்களும் உண்டு.

ஒரு போன், முழுதாக

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு 46 வயது, ஆறு வருடமாகச் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு விழித்திரைப் பரிசோதனை. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் பைக்கில் வருபவர். திங்கள் மாலை ஆறு மணிக்குப் போன் போகிறது.

"வணக்கம் ஐயா, கண் ஆஸ்பத்திரியில இருந்து பேசுறோம். நாளைக்குக் காலையில பத்தரைக்கு உங்களுக்கு நேரம் குடுத்திருக்கு. பேச முடியுமா?"

"சொல்லும்மா."

"நாளைக்குச் சொட்டு மருந்து போட்டுத்தான் பார்ப்பாங்க. மருந்து வேலை செய்யணும், அதனால எல்லாம் முடிய ரெண்டரை மூணு மணி நேரம் ஆகும். எதுல வர்றீங்க ஐயா?"

"வண்டியிலதான். பைக்கு."

"திரும்பிப் போறப்ப பைக்கை யார் ஓட்டுவாங்க?"

"நான்தான் ஓட்டுவேன். வீட்டுக்காரி கூட வருது."

"அவங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"அதெல்லாம் தெரியாதும்மா. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. முன்னாடியும் போட்டுட்டு வந்திருக்கேன்."

இந்த இடத்தில் வாதாட வேண்டாம். "ஓட்டக் கூடாது, ரூல்ஸ்" என்றால் சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வருவார். காரணத்தை அவர் பார்க்கும் ரோட்டிலேயே வைத்துச் சொல்ல வேண்டும்.

"உள்ள உட்கார்ந்திருக்கப்ப நல்லாத்தான் தெரியும் ஐயா. வெளிய வந்தா உச்சி வெயில். பாப்பா விரிஞ்சே நிக்கும், சுருங்காது. எதிர்ல லாரிக் கண்ணாடியில வெயில் பட்டுச்சுன்னா ஒரு நிமிசம் ஒண்ணுமே தெரியாது. சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் இருக்கும், சிலருக்கு மறுநா வரைக்கும். ஓட்டத் தெரிஞ்ச ஆள் யாராவது வர முடியுமா? இல்லன்னா பஸ்ல வந்துருங்க, ஆரப்பாளையத்துல இருந்து திரும்பப் பஸ் இருக்கு."

"அண்ணன் மகன் ஒருத்தன் இருக்கான். லைசென்ஸ் வச்சிருக்கான். கேட்டுப் பார்க்கிறேன்."

"சரிங்க ஐயா. கேட்டுட்டு இதே நம்பருக்கு ஒரு போன் பண்ணிருங்க. அவர் வரலைன்னா பஸ்ஸுன்னு வச்சுக்கலாமா?"

"பஸ்ஸுலயே வந்துடறோம்மா, அவன் வரலைன்னா."

"அப்ப நாளைக்கு எப்படித் திரும்பிப் போவீங்கன்னு ஒருக்கா நீங்களே சொல்லிருங்க, நான் எழுதிக்கிறேன்."

"அண்ணன் மகன் ஓட்டுவான். இல்லைன்னா நானும் வீட்டுக்காரியும் பஸ்ஸு."

கடைசிக் கேள்விதான் இந்தப் போனின் உயிர். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். எப்படித் திரும்புவார் என்பதை அவர் வாயால் சொல்ல வைத்தால், திட்டம் இருக்கிறதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். மூன்று பேர் ஒரே பைக்கில் வர முடியாது என்பதும் இப்போதே அவருக்கு உறைக்கும். அண்ணன் மகன் வருவதானால் மனைவி வீட்டில் இருக்கலாம், அல்லது பஸ்ஸில் வரலாம்.

தொடர்ந்து இன்னும் சில கேள்விகள் உண்டு. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் கோணம் குறுகலாக இருப்பதாக எந்த டாக்டராவது சொன்னாரா? முன்பு இந்த மருந்து போட்டபோது கண்வலியோ மயக்கமோ வந்ததா? இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உண்டா? பெண்களானால் கர்ப்பமா, பால் கொடுக்கிறார்களா? எதற்காவது ஆம் என்றால் சீட்டில் எழுதி டாக்டருக்குச் சொல்ல வேண்டும். ஃபினைலெஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பதால், அப்படிப்பட்டவருக்கு டாக்டர் மருந்தை மாற்றக்கூடும். "அப்ப உங்களுக்கு மருந்து போட மாட்டாங்க" என்று போனில் தீர்ப்பு சொல்வது நம் வேலையில்லை.

சர்க்கரை நோயாளியிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ரத்தப் பரிசோதனையோடு குழப்பிக்கொண்டு வெறும் வயிற்றில் வந்துவிடுகிறவர்கள் நிறைய. சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு, கையில் பிஸ்கட்டும் தண்ணீரும் எடுத்து வரச் சொல்லுங்கள். கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடுகிறவர் அதை நிறுத்த வேண்டியதில்லை. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் கண்ணாடியோடு வர வேண்டும். லென்ஸைக் கழற்றிய பிறகுதான் மருந்து விடுவார்கள். கூலிங் கிளாஸோ தொப்பியோ இருந்தால் எடுத்து வரட்டும்.

போனில் வரும் சமாதானங்கள்

"கூலிங் கிளாஸ் போட்டுட்டு ஓட்டிக்கிறேன்." கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கும். ஆனால் தளர்ந்த தசையை அது குவிக்காது. ஸ்பீடோமீட்டர் மங்கலாகத்தான் இருக்கும். மரநிழலுக்குள் வண்டி நுழையும்போது கறுப்புக் கண்ணாடி இருட்டைக் கூட்டிவிடும். நடந்து போகவும் பின்னால் உட்காரவும் உதவும், ஓட்ட உதவாது.

"ஒரு கண்ணுக்கு மட்டும் போடுங்க." ஒரு கண்ணுக்கு வெளிச்சம் அதிகமாகவும் மற்றதற்குக் குறைவாகவும் போனால், ஓடும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணிப்பே பிசகும். சர்க்கரை நோய்க்கு இரண்டு விழித்திரையையும் பார்த்தாக வேண்டும் என்பதும் உண்டு.

"நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்துட்டுப் போறேன்." இதற்குச் சரி என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் எத்தனை மணிக்கு அவர் ஓட்டத் தகுதியாவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மாலை ஆறுக்கு இருட்டிய ரோட்டில் பாதி விரிந்த பாப்பாவோடு கிளம்புவது மதியத்தைவிட நல்லதல்ல.

"அப்ப மருந்து போடாமலே பாருங்க." மருந்தில்லாமல் விழித்திரையைப் படம் பிடிக்கும் கேமரா சில மருத்துவமனைகளில் இருக்கிறது. முதற்கட்டச் சோதனைக்கு அது உதவும். பாப்பா சிறியதாக இருந்தாலும் புரை இருந்தாலும் படம் தெளிவாக வராது. விழித்திரையின் ஓரம் வரை அது காட்டாது. போதுமா போதாதா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஓட்ட ஆளும் இல்லை, பஸ்ஸும் இல்லை என்றால் தேதியை மாற்றுவதே நல்லது. மகன் வீட்டிலிருக்கும் நாளைக் கேட்டு அன்றைக்கு நேரம் கொடுங்கள். ஆனால் திடீரென்று மின்னல் வெட்டுவது போலத் தெரிகிறது, கருப்புப் புள்ளிகள் கொட்டுகின்றன, பார்வையில் திரை விழுந்தது போல இருக்கிறது என்று சொல்பவருக்குத் தேதியைத் தள்ளக் கூடாது. விழித்திரை கிழிந்திருக்கலாம், பிரிந்திருக்கலாம். அவர் அன்றைக்கே வர வேண்டும், ஆட்டோவிலாவது வர வேண்டும்.

போனை வைத்ததும் அனுப்பும் செய்தி

பேசியதை வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பினால் வீட்டில் மற்றவர்களும் பார்ப்பார்கள்.

"நாளை (செவ்வாய்) காலை 10.30 மணிக்குக் கண் பரிசோதனை. சொட்டு மருந்து போடப்படும். முடிய 3 மணி நேரம் ஆகலாம். அன்று முழுவதும் நீங்கள் பைக், கார் ஓட்டக் கூடாது. வண்டி ஓட்டத் தெரிந்தவரோடு வாருங்கள், அல்லது பஸ், ஆட்டோவில் வாருங்கள். சாப்பிட்டு, வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டு வரவும். பழைய சீட்டு, மாத்திரை விவரம், கண்ணாடி கொண்டு வரவும்."

செய்தி போனுக்கு மாற்றாகாது. வந்த செய்தியைத் திறந்து பார்த்தார் என்பதை வைத்து, அவருக்கு ஓட்ட ஆள் இருக்கிறார் என்று எழுதிவிட முடியாது.

வந்த பிறகு, முதல் சொட்டுக்கு முன்

சீட்டில் "திரும்பும் வழி" என்று ஒரு வரி இருக்கட்டும். அதில் "துணை உண்டு" என்று எழுதினால் பயனில்லை. "அண்ணன் மகன் ஓட்டுகிறார், லைசென்ஸ் உண்டு, 12 மணிக்கு வருவார்" என்று எழுத வேண்டும். மருந்து விடும் செவிலியர் பார்வையும் கண் அழுத்தமும் பார்த்து முடித்து, குப்பியைத் திறக்கும் முன் அந்த வரியைப் படித்து மறுபடி கேட்கட்டும். சொட்டு விழுந்துவிட்டால் பேரம் பேச இடமில்லை. அதுவரை எல்லாவற்றையும் மாற்றலாம்.

கையெழுத்து, பில் பணம், போனில் டாக்ஸி ஆப்பைத் திறந்து வைப்பது எல்லாம் சொட்டுக்கு முன்பே முடியட்டும். மங்கிய கண்ணோடு ஒருவரை ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடச் சொல்வது முறையல்ல.

நம் விவசாயியின் செவ்வாய்க்கிழமை இப்படிப் போகும். பத்தரைக்குப் பதிவு. பதினொன்றுக்கு முதல் சொட்டு. நெடுநாள் சர்க்கரை என்பதால் பாப்பா சரியாக விரியவில்லை, இன்னும் இரண்டு முறை விடுகிறார்கள். பன்னிரண்டுக்கு டாக்டர் பார்க்கிறார், பன்னிரண்டரைக்கு வெளியே வருகிறார். அண்ணன் மகன் வரவில்லை, பைக்கும் வரவில்லை, இருவரும் பஸ்ஸில்தான் வந்திருக்கிறார்கள். மனைவியிடம் சொல்ல வேண்டியது: படியில் இறங்கும்போதும் ரோட்டைக் கடக்கும்போதும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பஸ் போர்டை நீங்கள் படியுங்கள். இன்றைக்கு டிராக்டர், மோட்டார், அரிவாள் பக்கம் போக வேண்டாம் என்பதும் அவரிடம் சொல்லப்பட வேண்டும். விவசாயிக்கு ஆபத்து ரோட்டில் மட்டும் இல்லை.

யாராவது பைக்கில் வந்து மாட்டிக்கொண்டால், வண்டியை மருத்துவமனை வளாகத்தில் இரவு நிறுத்த ஏற்பாடு செய்து, மறுநாள் வந்து எடுக்கச் சொல்லுங்கள். துணைக்கு வந்தவர் ஓட்டினால், நோயாளி ஹெல்மெட் போட்டுப் பின்னால் உட்காரலாம்.

அன்று மாலை போன் வந்தால்

"இன்னும் மங்கலாவே இருக்கு" என்று மாலை ஏழுக்கு வரும் போன் பெரும்பாலும் மருந்தின் மிச்சம்தான். மறுநாள் காலைக்குள் சரியாகவில்லை என்றால் வரச் சொல்லுங்கள். ஆனால் கண்ணில் கடும் வலி, சிவப்பு, தலைவலி, குமட்டல் அல்லது வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது வேறு. கோணம் குறுகலானவர்களுக்குப் பாப்பா விரியும்போது மட்டுமல்ல, மருந்து இறங்கிப் பாதி சுருங்கும் நேரத்திலும் நீர் போகும் வழி அடைபட்டுக் கண் அழுத்தம் திடீரென ஏறலாம். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் சில மணி நேரத்தில் பார்வையையே பறிக்கக்கூடியது. வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். அந்தப் போனுக்கு ஒரே பதில், இரவானாலும் உடனே கிளம்பிக் கண் அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்பதுதான். அப்போதும் வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்.